நூற்றில் எட்டு

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அந்தச் சலவை ஆலைக்குத்தான் வரும். துவைத்து, பிழிந்து, ஈரத்தோடு தள்ளுவண்டியில் வரும் விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். விடுகிற பக்கம் பெரியவள், வாங்குகிற பக்கம் அவள் தங்கை சின்னவள். நடுவில் உருளையின் ஆவி. ஒருத்தி முகம் ஒருத்திக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஒன்பது வருஷமாக அந்த ஆவிக்குள்ளேதான் இருவரும் குடும்பக் கதை பேசினார்கள்.

ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. வருகை பதியும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் பதினோரு பெண்களின் பட்டப்பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த மாதம் அதுவரை உழைத்த மணிகள். எழுபத்தைந்தைத் தாண்டினதும் அந்தப் பெண் பரபரக்க ஆரம்பித்துவிடுவாள். "யாராச்சும் என் வியாழக்கிழமைய வாங்கிக்கங்கடி" என்று கேட்டுக்கொண்டு திரிவாள். எண்பது மணி ஆனதும் செத்தாலும் இயந்திரத்தைத் தொட மாட்டாள். மேலாளர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் அந்த எண்பதை யாராலும் அசைக்க முடியவில்லை. இவர்களுக்கு முன்னால் வேலை பார்த்த பெண்கள் வைத்துவிட்டுப் போன எண் அது. ஏன் எண்பது என்று கேட்டால், "தாண்டினா போயிடும்" என்பார்கள். எது போகும்? "எல்லாம்."

மிஞ்சுகிற மணிகளையெல்லாம் வாங்கிக்கொள்பவள் பெரியவள்தான். அவள் தனியாள். புருஷன் போய்ப் பல வருஷம், பிள்ளையில்லை. எந்த உதவித்தொகைக்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. மணிக்குப் பத்து வீதம் நூறு சம்பாதித்தால் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டு எண்பத்தெட்டைக் கையில் தருவார்கள். அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மற்றவர்கள் வேலை வேண்டாம் என்று ஓடுவதைப் பார்க்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு இளப்பம் உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னவளின் கதை வேறு. அவள் புருஷன் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் வலது காலும் நொறுங்கிப்போனவர். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவர்கள் குடியிருந்தது நான்காவது மாடி, லிப்ட் இல்லாத கட்டடம். மாதம் ஒரு முறை டாக்டரிடம் போக இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மற்ற நாளெல்லாம் ஜன்னல்தான். "நான் இப்ப பறவை சாதி அக்கா. மேலேயிருந்து எல்லார் வழுக்கையும் பாத்துட்டு இருக்கேன்" என்பார். எதற்கும் அவர் அப்படித்தான் பேசுவார். ஒரு பெண் குழந்தை, மூன்று வயசு, பகலில் காப்பகத்தில் இருக்கும்.

அந்தக் குடும்பம் நாலு தூணில் நின்றது. சின்னவளின் எண்பது மணிச் சம்பளம், குடும்ப உதவித்தொகை, வாடகை உதவி, மருந்து கார்டு. நரம்பு வலிக்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் அவர் விழுங்கும் மாத்திரைகளுக்குக் கடையில் மாதம் எழுபது ஆகும். கார்டு இருந்தால் இலவசம்.

அந்த வருஷம், அடுத்த தெருவில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகப்போவதாகச் சின்னவளுக்குத் தெரிந்தது. வாசலில் ஒரே ஒரு படி. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலர் நல்ல மனுஷன், "ரெண்டரை மாசம் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்றார். முன்பணம் இருநூற்று எண்பது. வாடகை இப்போதையதைவிட முப்பது அதிகம். வாடகை உதவி ஏற்கெனவே அதன் உச்சத்தில் இருந்ததால் அந்த முப்பதைச் சொந்தக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

சின்னவள் இதை ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து, ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னடி இது, பிடிச்சுப் போட வேண்டியதுதானே?" என்றாள் பெரியவள்.

"எதைப் போட்டு பிடிக்கிறது?"

"சனிக்கிழமை. என் சனிக்கிழமைய நீ எடுத்துக்க. மாசம் நாலு, ஏழரை மணி வீதம் முப்பது மணி. முந்நூறு. ரெண்டு மாசம் செஞ்சா அறுநூறு."

"எண்பது தாண்டிருமே அக்கா."

"தாண்டினா பூதமா வரும்? கார்டு போயிடும்னுதானே பயப்படுறீங்க? நான் கார்டு காகிதத்தப் படிச்சேன். ஆயிரத்து நூறு வரைக்கும் போகாது. உனக்கு எண்ணூறும் முந்நூறும் சேத்தா சரியா ஆயிரத்து நூறு. ஒரு காசு தாண்டாது."

மடிக்கும் பக்கம் சின்னவளோடு நிற்பவளுக்கு ரேடியோ என்று பேர். ஆலையில் ஒருத்திக்குத் தும்மல் வந்தால் இன்னொருத்திக்குச் சொல்பவள் அவள்தான். அவள் விரிப்பை உதறிக்கொண்டே குறுக்கே வந்தாள்.

"பெரியக்கா, வேணாம். பாய்லர் பக்கம் ஒருத்தி இருந்தா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பூனைக்கண்ணு. அவ தாண்டினா. அப்புறம் ஒரு வருஷம் அழுதுட்டே இருந்தா."

"ஏன் அழுதா?"

"அது தெரியாது."

"உனக்கே தெரியாத சேதியா? அப்ப அது நடக்கவே இல்ல போ" என்றாள் பெரியவள். எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தாள்.

பெரியவள் கண்மூடித்தனமாகத் தள்ளிவிடவில்லை. அது அவள் சுபாவமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய், சமையலறை மேஜையில் எல்லா அலுவலகக் காகிதங்களையும் பரப்பி வைத்துப் படித்தாள். குடும்ப உதவித்தொகைக் காகிதம் தெளிவாக இருந்தது. மாதம் எண்ணூறு வரை சம்பாதித்தால் கை வைக்க மாட்டோம், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நூறுக்கும் நாற்பது குறைப்போம். அடியில் கறுப்பு எழுத்தில், 'கூடுதலாக உழைத்தால் எப்போதும் உங்கள் கையில் கூடுதலாகவே இருக்கும்.' வாடகை உதவிக் காகிதத்திலும் ஏறக்குறைய அதே வாசகம், எண்ணூறுக்கு மேல் நூறுக்கு முப்பது. காப்பகத்தின் காகிதத்தில், எண்ணூறு வரை கட்டணம் இல்லை, மேலே நூறுக்குப் பத்து.

மூன்றையும் அவள் படித்தாள். படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரே அரசாங்கம். ஒரே சம்பளச் சீட்டு. அதிலிருந்து நாற்பதை ஒருவன் எடுத்துக்கொண்டால், எடுத்தது எடுத்ததுதான். மற்றவன் வந்து பார்க்கும்போது, அவர் எடுத்துவிட்டார் என்று போய்விடுவான். ஒரு வீட்டில் அண்ணன் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டால் தம்பி அடுத்ததைத்தானே பார்ப்பான்? எடுத்த ரொட்டியையே மறுபடியும் எப்படி எடுப்பது? மூன்றில் எது பெரிதோ, அந்த நாற்பது மட்டுமே பிடித்தம். வீடு நடத்திப் பழகியவள் போடுகிற கணக்கு அது. அலுவலகங்கள் வீடு இல்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நூறு வந்தா பன்னெண்டு சம்பளத்துலயே போயிடும். நாப்பது அவங்களுக்கு. மீதி நாப்பத்தெட்டு நமக்கு. பாதிக்குக் கொஞ்சம் கம்மி. அறுநூறுக்கு இருநூத்தி எண்பத்தெட்டு. முன்பணம் போக எட்டு மிஞ்சும்" என்றாள்.

"அப்புறம் மாசம் முப்பது?" என்றாள் சின்னவள்.

"மாசம் ஒரு சனிக்கிழமை வேலை செஞ்சா வந்துருமே. எழுபத்தஞ்சுல பாதி."

மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்தார். "ஏன் அக்கா, இவ்வளவு கணக்கு தெரிஞ்ச நீங்க ஏன் இஸ்திரி போடுறீங்க? நிதி மந்திரி ஆயிருக்கலாம்" என்றார்.

"ஆகியிருப்பேன் மாப்ள, அப்புறம் ஆஸ்பத்திரி விரிப்புக்கு யார் இஸ்திரி போடுறது?"

எட்டு சனிக்கிழமைகள். காலை ஆறரைக்குச் சின்னவள் கிளம்புவாள். குழந்தையை அப்பா பார்த்துக்கொள்வார். குழந்தை வாசல் பக்கம் ஓடாமல் இருக்க, அதன் இடுப்பை ஒரு நீளத் துணியால் கட்டில் காலோடு கட்டி வைத்திருந்தார். சனிக்கிழமை பஸ் சுற்றுவழி, போக வர ஐந்து. நின்று நின்று சின்னவளின் கணுக்கால் வீங்கியது. ஒரு சனிக்கிழமை காய்ச்சல். அன்றும் வந்தாள். இரண்டாம் மாத முடிவில் கூடுதல் சம்பளமாகப் பிடித்தம் போக ஐந்நூற்று இருபத்தெட்டு சேர்ந்திருந்தது. அதில் இருநூற்று எண்பதைக் காவலரிடம் கொடுத்து ரசீது வாங்கினார்கள். மீதி இருநூற்று நாற்பத்தெட்டைத் தொடவில்லை. இருநூற்று நாற்பது திருப்பிக் கேட்டு அலுவலகம் எழுதும் என்று பெரியவள் சொல்லியிருந்தாள். பஸ் காசைக்கூடச் சின்னவள் வீட்டுச் செலவில் இழுத்துப்பிடித்துத்தான் கொடுத்தாள்.

அந்த மாதம் ஆலை நிர்வாகத்துக்கு நல்ல மனசு வந்தது. ஒரு சனிக்கிழமைகூடத் தவறாத தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு வாணலி, ஒட்டாத பூச்சுப் பூசியது, மேலாளர் தன் கையாலேயே கொடுத்தார். வாங்கியவர் மூன்று பேர். சின்னவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

முதல் கடிதம் வந்தது. குடும்ப உதவித்தொகை அலுவலகம். மூன்று மாதச் சீட்டுகளைப் பார்த்ததில் இருநூற்று நாற்பது அதிகம் கொடுத்துவிட்டோம், திருப்பித் தரவும். சின்னவள் ஆலைக்கு எடுத்துவந்து காட்டினாள். பெரியவள் அதைக் கடிகாரத்தின் கீழே நின்று எல்லோர் காதிலும் விழும்படி படித்தாள். இருநூற்று நாற்பது. சொன்னது சொன்னபடி. "ரேடியோ, கேட்டுக்க, இத ஒலிபரப்பு" என்றாள். அன்று மாலையே பணம் கட்டியாகிவிட்டது.

மூன்று நாள் கழித்து இரண்டாவது கடிதம். வாடகை உதவி அலுவலகம். நூற்றெண்பது.

"இது தப்பா வந்திருக்கு. கட்டியாச்சுன்னு அவங்களுக்குத் தெரியல. ரசீதைக் காட்டினா சரியாயிடும்" என்றாள் பெரியவள்.

அதற்கு மறுநாள் காப்பகத்திலிருந்து. அறுபது. இருவருக்கும் நடுவில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. சின்னவள் காகிதத்தை ஆவிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பெரியவள் கையிலிருந்த விரிப்பின் முனையை விட்டுவிட்டாள். அது கோணலாக உள்ளே போய்ச் சிக்கிக் கருகல் வாசனை வந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு விரிப்பைக் கருக்கியதில்லை.

நான்காவது கடிதம் சிறியது. இரண்டே வரி. வருமானம் வரம்பைத் தாண்டியதால் மருந்து கார்டு ஆறு மாதத்துக்கு நிறுத்தப்படுகிறது.

"ஒரு காசு தாண்டாதுன்னு சொன்னியே அக்கா" என்றாள் சின்னவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டு அலுவலகம் போனார்கள். காப்பகத்துக்கு அன்று விடுமுறை, குழந்தை அப்பாவோடு இருந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று மாடிகளில் மூன்று அலுவலகங்கள். வாடகைப் பிரிவில் இருந்தவர் ரசீதைப் பார்த்துவிட்டு, "இது மேல் மாடியோட கணக்கும்மா. எங்களோடது தனி" என்றார். மேல் மாடியில், குடும்ப உதவித்தொகைப் பிரிவில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். முப்பது வயசு இருக்கும். மேஜையில் ஒரு சின்னச் செடி, பக்கத்தில் பாதி குடித்த தேநீர். நல்ல பெண். "உட்காருங்கம்மா" என்று சொல்லும் அதிகாரியைப் பெரியவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலு கடிதத்தையும் வரிசையாக வைத்தாள் பெரியவள். "ஒரே காச மூணு பேரு எடுத்திருக்காங்க. எது தப்புன்னு சொல்லுங்க, அத மட்டும் மாத்திக்கிறோம்."

அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தாள். கணினியில் பார்த்தாள். "எதுவும் தப்பில்லம்மா."

"எப்படி தப்பில்ல? நீங்க நாப்பது எடுத்தாச்சே."

"நாங்க எங்க உதவியில நாப்பது குறைக்கிறோம். அவங்க அவங்க உதவியில முப்பது. ஒவ்வொருத்தரும் பிடித்தத்துக்கு முன்னால உள்ள மொத்தச் சம்பளத்தைத்தான் பாப்போம். இன்னொருத்தர் என்ன குறைச்சாங்கன்னு பாக்க மாட்டோம்."

"கார்டு? ஆயிரத்து நூறுதானே சம்பாதிச்சா?"

அதிகாரி சம்பளச் சீட்டை விரலால் நகர்த்திக் கீழே ஒரு வரியில் நிறுத்தினாள். 'பொருள் வழி வருமானம், இருபது.' "இது என்ன, ஏதாவது குடுத்தாங்களா?"

சின்னவள் மெல்லச் சொன்னாள். "வாணலி."

"நாங்க சம்பளத்தை மட்டும்தான் கணக்குல எடுப்போம். கார்டு பிரிவு எல்லாத்தையும் எடுக்கும், பொருளா குடுத்தாலும். அந்த மாசம் ஆயிரத்து நூத்தி இருபது ஆயிடுச்சு."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா வேறு எதுவா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒரு வாணலி" என்றாள். "இவ வீட்டுக்காரரு முழுங்கற மாத்திரை ஒரு வாணலியில..."

அப்போது சின்னவள் ஒரு கேள்வி கேட்டாள். "இதெல்லாம் போனது போகட்டும் மேடம். கார்டு திரும்பக் கிடைச்சப்புறம் நான் ஆயிரத்து நூறுக்குள்ளயே நிக்கிறேன். வாணலியெல்லாம் வாங்க மாட்டேன். எனக்கு மாசம் முப்பது மட்டும் கூட வேணும். வீட்டு வாடகைக்கு. அதுக்கு எத்தனை மணி வேலை செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அதிகாரி ஒரு விண்ணப்பத்தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். நூறு. அதில் சம்பளப் பிடித்தம் பன்னிரண்டு. எங்களோடது நாற்பது. வாடகை முப்பது. காப்பகம் பத்து. கூட்டினாள். கூட்டிவிட்டு எழுதியதைப் பார்த்தாள். கால்குலேட்டரை எடுத்து மறுபடி போட்டாள். இன்னொரு முறை போட்டாள்.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றாள்.

"என்ன தொண்ணூத்தி ரெண்டு?"

"நூறு சம்பாதிச்சா தொண்ணூத்தி ரெண்டு போயிடுது. எட்டு நிக்குது." அவள் குரல் மாறியிருந்தது. "நான் ஏழு வருஷமா இங்க இருக்கேன். எங்க நாப்பத மட்டும்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன். எல்லாத்தையும் சேத்து இன்னிக்குத்தான் கூட்டிப் பாக்குறேன்."

எழுதிய தாளைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் தள்ளினாள்.

"அப்ப முந்நூறுக்கு?" என்றாள் சின்னவள்.

"இருபத்து நாலு."

"முப்பது வேணும்னா?"

"முந்நூத்தி எழுபத்தஞ்சு சம்பாதிக்கணும். ஆனா அதுக்குள்ள ஆயிரத்து நூறைத் தாண்டிடுவீங்க. கார்டு போயிடும்." அதிகாரி பேனாவை மூடினாள். "கார்டுக்குள்ள நின்னா முப்பது வராதும்மா. எத்தனை மணி உழைச்சாலும் இருபத்து நாலுதான்."

"பஸ்ஸுக்கு இருபது" என்றாள் சின்னவள், தனக்குத்தானே.

பெரியவள் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி எழுந்தாள். "எங்க முதலாளி மூணு ஆலை வச்சிருக்காரு. அவருக்கு நூறு கூட வந்தா எவ்வளவு எடுப்பீங்க?"

"அக்கா" என்று கையைப் பிடித்தாள் தங்கை.

"கேக்குறேன். தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"அதிக வருமானத்துக்கு நாப்பத்தஞ்சு" என்றாள் அதிகாரி. மூடிய பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு, "மாசம் மாசம் வேற யாராவது உதவி செய்யறதா இருந்தா அதையும் வருமானமா எழுதணும். நீங்க அக்கான்னு சொன்னீங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள். அந்த முப்பதை நானே தருகிறேன் என்று பெரியவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

பெரியவள் முன்னால் படியிறங்கினாள். அவள் நினைத்துக்கொண்டிருந்தது பணத்தைப் பற்றியில்லை. எண்பது மணியில் நின்றுவிடும் பத்துப் பெண்களையும் அவள் இத்தனை வருஷம் எப்படிப் பார்த்திருக்கிறாள் என்பதைப் பற்றி. அவர்கள் ஓடிப்போய் விட்டுக்கொடுத்த மணிகளை வாங்கி எண்பத்தெட்டு எண்பத்தெட்டாகப் பையில் போட்டுக்கொண்டு, உதட்டைச் சுழித்திருக்கிறாள். அவர்களுக்குக் கூட்டத் தெரியாது, ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவளுக்குக் கூட்டத் தெரியும்.

தெருவில் நின்று சின்னவள் சொன்னாள். "முன்பணத்தைத் திருப்பி வாங்கிடுறேன்."

"இன்னும் கட்ட வேண்டிய நூத்தி எண்பது, அறுபது, ரெண்டும் சேத்து இருநூத்தி நாப்பத நான் தரேன்டி. ஒரு தடவைதானே, அத எழுத வேணாம்."

"அத நீ தருவ. மாத்திரை எழுபது? ஆறு மாசம். அப்புறம் மாசம் முப்பது, அது ஆறு மாசத்துல முடியறதா? எதுவும் வேலை செஞ்சு வராதுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க." அந்த விண்ணப்பத்தாள் அவள் கையில்தான் இருந்தது. நான்காக மடித்திருந்தாள், விரிப்பை மடிப்பது போல, முனைக்கு முனை சரியாக. "அந்தக் காவலர் நல்லவர். வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா முழுசா தருவேன்னு சொன்னாரு. அதுல இவங்க இருநூத்தி நாப்பது போக நாப்பது மிஞ்சும். இந்த மாச மாத்திரைக்கு பாதி ஆச்சு."

"ரெண்டு பேரும் சேந்து யோசிக்கலாம். இன்னும் மூணு நாள் இருக்கு."

"யோசிச்சாச்சு அக்கா." பிறகு சின்னவள் முதல் முறையாக அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். நடுவில் ஆவி எதுவும் இல்லை. "நான் காவலர்கிட்ட போறேன். வீட்டுல அவர்கிட்ட கடிதம் எதையும் நான் காட்டல, நீ போய்ச் சொல்லு. என்னால முடியாது."

'நீதானே தள்ளிவிட்டாய்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவள் சரி என்று தலையாட்டினாள்.

தங்கை வீட்டுக் கட்டடத்தின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அவர் இல்லை. எப்போதும் இருப்பார். ஒரு பயம் பிடித்துக்கொள்ள வேகமாக ஏறினாள். முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாம் மாடித் திருப்பத்தில், சுவரோரம், படியில் உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை. முகச்சவரம் செய்திருந்தார். காலில் ஷூ. கைப்பிடிக் கம்பியை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி வேர்த்திருந்தது.

"பாத்தீங்களா!" என்றார். மூச்சு வாங்கியது. "ஒரு மாடி இறங்கிட்டேன். ஒரே ஆளா. யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க தங்கச்சி திட்டுவா."

"என்ன மாப்ள இது? விழுந்தா?"

"மூணு நாளா பழகுறேன் அக்கா. முதல் நாள் நாலு படி. நேத்து ஒன்பது. இன்னிக்கு முழு மாடி. குடி போற அன்னிக்கு நாற்காலியில தூக்கிட்டுப் போனாங்கன்னா அந்தத் தெருக்காரங்க என்ன நினைப்பாங்க, சாமான் வந்திருக்குன்னு நினைப்பாங்க. என் கால்லயே போய் நிக்கணும் அந்த வாசல்ல." சிரித்தார். "ஏறத்தான் தெரியல. இறங்கறது மட்டும் பழகினா போதும்ல? அங்க போனப்புறம் ஏற வேண்டிய வேலையே இல்லையே. அதான் தினமும் இப்படி யாராச்சும் வர்ற வரைக்கும் உட்காந்திருக்கேன், மேல ஏத்திவிட."

பெரியவள் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். படி சில்லென்று இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், கணக்கிலிருந்தே ஆரம்பித்தாள். நூறு என்றாள். பன்னிரண்டு, நாற்பது, முப்பது, பத்து. வாணலியைச் சொன்னாள். முப்பது வராது, இருபத்து நான்குதான் வரும் என்பதைச் சொன்னாள். முன்பணத்தைத் திருப்பி வாங்கத் தங்கை காவலரிடம் போயிருக்கிறாள் என்பதைச் சொன்னாள். எல்லாம் தன்னால் என்பதையும் சொன்னாள். அவர் நடுவில் ஒரு ஜோக் அடிப்பார் என்று காத்திருந்தாள். அவர் எதற்கும் ஜோக் அடிக்கிற மனுஷன்.

அவர் அடிக்கவில்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அப்ப அந்த எட்டு சனிக்கிழமை?" என்றார்.

"எட்டு மிச்சம்" என்றாள். "நாப்பத்தெட்டு நின்னுது. பஸ்ஸுக்கு நாப்பது."

"ஒரு சனிக்கிழமைக்கு ஒண்ணா?"

அவள் தலையாட்டினாள்.

"காய்ச்சலோட போனாளே அக்கா" என்றார். "ஒரு நாள் காய்ச்சலோட போனாளே."

கீழே எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேலே வீட்டுக்குள் குழந்தை அப்பாவைக் கூப்பிட்டது, துணி கட்டியிருந்ததால் வாசலுக்கு வர முடியாமல். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பெரியவள் அவர் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை அணைத்து நிமிர்த்தினாள். ஒன்பது வருஷம் ஈர விரிப்பைத் தூக்கின கை. அப்படியும் அந்த உடம்பு அவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நல்ல காலை முதல் படியில் வைத்தார். மற்றதை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். நின்றார்.

"மெதுவா மாப்ள."

"மெதுவாத்தான்" என்றார். அடுத்த படியைப் பார்த்தார்.

மேலே இன்னும் பதினேழு இருந்தன.